ஒரே வாட்ச், மூன்று இடம்: ஆபீஸ், கல்யாணம், ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முழு வழிகாட்டி

என் அக்கா மகன் தை மாதம் காட்பாடியில் ஒரு வங்கிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தான். மூன்று மாதச் சம்பளத்திலிருந்து பன்னிரண்டாயிரம் ரூபாய் எடுத்து வைத்துவிட்டு என்னிடம் வந்தான். "மாமா, ஒரே ஒரு வாட்ச்தான் வாங்கப் போறேன். ஆபீசுக்கும் அதுதான், வைகாசியில ஆரணி கல்யாணத்துக்கும் அதுதான், ஞாயித்துக்கிழமை ஏலகிரிக்கு பைக்குல போனாலும் அதுதான். எது வாங்கலாம்?" என்று கேட்டான்.

அவன் செல்லில் ஏற்கெனவே ஏழெட்டு படம் சேர்த்து வைத்திருந்தான். எல்லாமே டயல் நிறத்தைப் பார்த்துச் சேர்த்தவை. நிறத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் அவனுக்கு முதலில் சொன்னது. மூன்று இடத்துக்கும் ஒரு வாட்ச் என்றால், அதன் உடம்பு எங்கும் உறுத்தாத அளவில் இருக்க வேண்டும். வியர்வையையும் தண்ணீரையும் தாங்க வேண்டும். செயினைக் கழற்றிவிட்டு வேறு வார் மாட்ட வழி இருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்தால், இடத்துக்கு இடம் நாம் மாற்றப் போவது வாரை மட்டும்தான். அவனும் நானும் எந்த வரிசையில் பார்த்தோமோ அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் கையை அளங்கள்

ஒரு நூலையோ காகிதத் துண்டையோ மணிக்கட்டில் எலும்பு மேட்டுக்குக் கொஞ்சம் மேலே சுற்றி, அது முட்டும் இடத்தைக் குறித்து, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். இது சுற்றளவு. இதைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. கையைக் குப்புற வைத்தால் மணிக்கட்டின் மேற்பக்கம் தட்டையாகத் தெரியும் இல்லையா, அந்தத் தட்டையின் அகலம். அக்கா மகனுக்குச் சுற்றளவு 16.2 சென்டிமீட்டர், தட்டை அகலம் 50 மில்லிமீட்டர்.

கடையில் எல்லோரும் சொல்வது டயல் பக்கத்து விட்டத்தை மட்டும்தான். 40 மில்லிமீட்டர், 42 மில்லிமீட்டர் என்பார்கள். ஆனால் கையில் பெரிதாகத் தெரிவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது மேல் கொம்பு நுனியிலிருந்து கீழ்க் கொம்பு நுனி வரை உள்ள நீளம். கொம்பு என்று நான் சொல்வது வார் மாட்டும் அந்த நான்கு கால்களை. இந்த நீளம் உங்கள் மணிக்கட்டின் தட்டையைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் ஓரிரண்டு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தால் நல்லது. 50 மில்லிமீட்டர் தட்டை என்றால் 45 முதல் 47 வரை உள்ள வாட்ச் அழகாக உட்காரும். விட்டம் 36 முதல் 39 வரை இருந்தால் நீளம் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ஒரு அட்டையை அந்த நீளத்துக்கு வெட்டிக் கைமேல் வைத்துப் பார்க்கலாம். நுனி கையை விட்டு வெளியே நீண்டால், படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது கையை மூஞ்சிக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டாம். கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். மற்றவர்கள் பார்ப்பது அந்தத் தூரத்தில்தான். செல்லில் கிட்டே வைத்து எடுக்கும் போட்டோவையும் நம்ப வேண்டாம். அந்த லென்ஸ் கிட்டே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும்.

அடுத்தது கனம், அதாவது வாட்சின் தடிமன். முழுக்கைச் சட்டையின் கைப்பட்டிக்குள் வாட்ச் தானாக நழுவிப் போக வேண்டும். 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போகும். 12, 13 ஆனால் பட்டியில் மாட்டி நிற்கும், கொஞ்ச நாளில் சட்டை ஓரமும் தேயும். வாங்கப் போகும்போது ஆபீசுக்குப் போடும் முழுக்கைச் சட்டையிலேயே போங்கள், பட்டன் போட்டபடி சோதித்துப் பாருங்கள். அரைக்கைச் சட்டையில் போய் வாங்கி வந்து வருத்தப்படுகிறவர்கள் நிறைய.

வேலூரில் தண்ணீர் என்றால் வியர்வையும்தான்

நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு மத்தியானம் பைக்கில் போனால் செயினுக்கு அடியில் தண்ணீர் ஓடும். அதனால் மழை பெய்யும் ஊர்க்காரர்கள் தண்ணீரைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறார்களோ, அதைவிடக் கூடுதலாக நாம் யோசிக்க வேண்டும்.

பின் மூடியில் 3 பார், 5 பார், 10 பார் என்று எழுதியிருக்கும். சில வாட்சில் அதையே 30, 50, 100 மீட்டர் என்று போடுவார்கள். 30 மீட்டர் என்றால் அந்த ஆழத்துக்கு முங்கலாம் என்று அர்த்தம் இல்லை. அசையாத தண்ணீரில் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்த அளவு அது. நடைமுறையில் 30 மீட்டர் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். 50 மீட்டர் மழையில் நனைவதைத் தாங்கும். 100 மீட்டர் இருந்தால் நீச்சலுக்கும் கவலை இல்லை. ஒரே வாட்ச் வைத்திருப்பவர் குறைந்தது 50 மீட்டரில் நிற்க வேண்டும், 100 கிடைத்தால் அதுவே என்பது என் தீர்மானம். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், பந்தி முடிந்து அவசரத்தில் குழாயடியில் கை நனையும். அங்கெல்லாம் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவது தொலைப்பதற்கான வழி.

தண்ணீரைத் தடுப்பது பின் மூடிக்கு அடியிலும் சாவிக் குமிழுக்குள்ளும் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்கள்தான். சோப்பும் சுடுதண்ணீரும் நாள்பட்ட வெயிலும் அந்த ரப்பரைக் கெடுக்கும். என்னுடைய பழைய வாட்ச் ஒன்று அப்படித்தான் போனது. ஒரு கடையில் அதற்கு பேட்டரி செல் மாற்றினேன். வளையம் ஒரு இடத்தில் நசுங்கி வெளியே பிதுங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. ஒரு மழைக்குப் பிறகு ஏசி அறைக்குள் நுழைந்தபோது கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்தது. இரண்டே மாதத்தில் முள்ளில் துரு.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வாட்சைக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்குங்கள். கண்ணாடி மேல் ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கமாக மங்கல் தெரிந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது. உடனே திறந்து காயவைக்கக் கொடுக்க வேண்டும்.

கண்ணாடி

இந்த விலையில் இரண்டு வகைக் கண்ணாடி வரும். ஒன்று மினரல், இன்னொன்று சஃபயர். சஃபயர் கொஞ்சம் விலை கூட்டும், ஆனால் ஐந்தாறு வருடம் போட நினைப்பவர் அதற்குக் கொடுக்கலாம். காரணம் நம் ஊர் மண். பாலாற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி அதற்குக் கீழே, 6-ஐ ஒட்டி. சஃபயர் 9. பைக்கில் போய் வந்து தூசி படிந்த மினரல் கண்ணாடியைச் சட்டை ஓரத்தால் துடைத்தால் அந்த மணல்துகளே அதைக் கீறும். மினரல் வைத்திருப்பவர்கள் துடைக்காமல், முதலில் ஊதிவிட்டு அப்புறம் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சஃபயர் கீறாது. ஆனால் கல் தரையில் ஓரம் படும்படி விழுந்தால் சில்லு தெறிக்கும். அதனால் விளிம்புக்கு மேல் குமிழாகத் துருத்தி நிற்காத, தட்டையான கண்ணாடியாகப் பாருங்கள்.

செல்லா, ஆட்டோமேட்டிக்கா

வாட்ச் பிடித்தவர்கள் பலருக்கும் ஆட்டோமேட்டிக் மேல்தான் ஆசை. அக்கா மகனும் அதைத்தான் கேட்டான். ஆட்டோமேட்டிக்குக்கு எதிராக வழக்கமாகச் சொல்லும் காரணம், கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும் என்பது. ஒரே வாட்சைத் தினமும் போடுகிறவருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. அவருக்கு உண்மையான பிரச்சினைகள் வேறு. இந்த விலையில் பரவலாக வரும் ஜப்பான் ஆட்டோமேட்டிக் இயந்திரங்களுக்கு, ஒரு நாளில் 20 வினாடி பின்தங்கலாம், 40 வினாடி முந்தலாம் என்று தயாரிப்பாளரே அளவு கொடுக்கிறார். செல் போடும் குவார்ட்ஸ் மாதத்துக்கே 15, 20 வினாடிதான் தவறும். ஆட்டோமேட்டிக்கின் கனம் பெரும்பாலும் 11-க்கு மேல். சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் போட வேண்டும், அதற்கு வாங்கிய விலையில் ஒரு பெரும்பங்கு போய்விடும்.

பன்னிரண்டாயிரத்துக்குள் மெல்லிய உடம்பு, சஃபயர், 100 மீட்டர் மூன்றும் வேண்டுமானால் குவார்ட்ஸ்தான் கைக்கு எட்டும். குவார்ட்ஸில் செல் இரண்டு மூன்று வருடம் வரும். சிட்டிசன் இகோ டிரைவ் மாதிரி வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. அடிக்கடி மூடியைத் திறக்க வேண்டாம், அதனால் ரப்பர் வளையமும் பிழைக்கும். அதைப் பீரோவுக்குள் இருட்டில் மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெயர் பெற்ற நிறுவனங்களில் டைட்டன், சிட்டிசன், சீக்கோ, கேசியோ, டைமெக்ஸ் எல்லாவற்றிலும் இந்த விலைக்குச் சரக்கு உண்டு. டைட்டன் நமக்குப் பக்கத்து ஓசூரில் தயாராவது. எந்தப் பெயராக இருந்தாலும் கடை முத்திரை வைத்த வாரண்டி கார்டு கையில் வந்த பிறகே பணம் கொடுங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்று மலிவாக வருவதற்கு இங்கே வாரண்டி எடுபடாது.

வார் மாட்டும் இடம்: அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான்

கொம்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 18 அல்லது 20 மில்லிமீட்டர் இருந்தால் பொருந்தும் வார் எளிதாகக் கிடைக்கும். 19, 21 இருந்தால் தேடி அலைய வேண்டும். செயினும் உடம்பும் ஒரே வார்ப்பு போல ஒட்டி வரும் மாடல்கள் இப்போது நிறைய. டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் அந்த வகைதான், அதைப் பார்த்துச் செய்தவை மலிவு விலையிலும் வருகின்றன. பார்க்க அழகு. ஆனால் அந்த மாடலுக்கென்றே செய்த வாரைத் தவிர வேறு எதுவும் மாட்ட முடியாது. ஒரே வாட்ச் வாங்குகிறவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

முதல் வாங்கலை ஸ்டீல் செயினோடு வாங்குங்கள். தனியாக நல்ல செயின் வாங்கினால் செலவு கூடும், தோல் வார் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். செயினில் இரண்டு சோதனை செய்யுங்கள். உடம்போடு சேரும் முதல் கண்ணி தகட்டை மடித்துச் செய்ததா, முழு உலோகமா என்று உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். மடித்தது நாளடைவில் லொடலொடக்கும். அப்புறம் ஒரு பழைய பட்டுத் துணியையோ கைக்குட்டையையோ செயின் மேல் எல்லாப் பக்கமும் இழுத்துப் பாருங்கள். நூல் பிடித்து இழுத்தால் கண்ணி ஓரம் சரியாக மழுக்கப்படவில்லை. ஆரணிப் பட்டு வேட்டியோடு மணவறைப் பக்கம் நிற்கும்போதோ, பட்டுப் பாவாடை போட்ட குழந்தையைத் தூக்கும்போதோ அந்த ஓரம் சரிகையைப் பிய்த்துவிடும்.

கண்ணி எடுக்கச் சொல்வதைக் காலையில் செய்ய வேண்டாம். வெயிலில் மணிக்கட்டு கொஞ்சம் உப்பும். மத்தியானம் மூன்று மணிவாக்கில் போய், பூட்டிய செயினுக்குள் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு வையுங்கள். பூட்டில் மூன்று நான்கு சிறு துளை இருக்கிறதா பாருங்கள். மார்கழியில் ஒரு துளை இறுக்கி, சித்திரையில் ஒரு துளை தளர்த்தலாம். எடுத்த கண்ணிகளை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

எங்கே எதை மாட்டுவது? கல்யாணத்துக்குத் தோல் வார்தான் கம்பீரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அது பொருந்தாது. நெருங்கிய சொந்தம் என்றால் மனையில் உட்காரவோ, தாரை வார்க்கும்போது கூட நிற்கவோ வேண்டி வரும். கோயிலில் முகூர்த்தம் என்றால் சன்னதிக்குள் போக வேண்டும். தோல் பொருளோடு அங்கே போகப் பெரியவர்கள் பலர் சம்மதிக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் வாட்சைக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிட்டுத் தேடுவதைவிட ஸ்டீல் செயின் நிம்மதி. வியர்வையும் அதை ஒன்றும் செய்யாது. தங்க முலாம் பூசியதை வாங்கினால், செயின் ஓரங்களிலும் பூட்டிலும்தான் முதலில் வெளுக்கும். தினமும் ஆபீசுக்குப் போடும் வாட்சுக்கு முலாம் வேண்டாம். வெறும் ஸ்டீலே பட்டுச் சட்டைக்கும் எடுப்பாக இருக்கும்.

தோல் வாரை ஐப்பசியிலிருந்து மாசி வரை ஆபீசுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோல் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எல்லாம் பக்கத்தில்தான். பழைய வட ஆற்காட்டில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். இன்றைக்கும் பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் வார் தைத்தால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், நாள் ஆக ஆக நிறம் ஆழ்ந்து வரும். ஆனால் வியர்வையை அது உறிஞ்சும், கறுக்கும், வாடை அடிக்கும். தினசரிக்குக் குரோம் முறையில் பதனிட்ட தோல் மேல், ஈரத்தை அதைவிட நன்றாகத் தாங்கும். வாரை மடக்கி விரலால் அழுத்திப் பாருங்கள். மேல்பரப்பு காகிதம் போலச் சுருங்கி வெடித்தால் அது தோல் தூளை ஒட்டி மேலே பூச்சு பூசியது, ஆறு மாதம் தாண்டாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு நைலான் துணி வார் போதும். ஏலகிரியிலோ அமிர்தியிலோ நனைந்தாலும் வீட்டுக்கு வந்து சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டால் காய்ந்துவிடும்.

டயல், கடைசியாக

முள்ளும் கோடும் டயல் நிறத்திலிருந்து தனித்துத் தெரிய வேண்டும். வெள்ளி, வெளிர் சாம்பல், அடர் நீலம் மூன்றும் ஆபீஸ் சட்டைக்கும் பட்டு வேட்டிக்கும் ஜீன்ஸுக்கும் சேரும். உள்ளே குட்டிக் குட்டி வட்டங்கள் உள்ள டயல் வேண்டாம், அது ஞாயிற்றுக்கிழமைப் பக்கமே சாய்ந்துவிடும். முள்ளில் கொஞ்சம் ஒளிரும் பூச்சு இருக்கட்டும். விடியற்காலை நாலரை மணி முகூர்த்தத்துக்குப் புறப்படும்போது இருட்டில் உதவும்.

அக்கா மகன் வாங்கியது

கடையில் கடைசியாக மூன்று மிஞ்சின. முதலாவது 42 மில்லிமீட்டர் ஆட்டோமேட்டிக், 11,800 ரூபாய். பின் மூடியில் கண்ணாடி, இயந்திரம் ஓடுவது தெரியும். அவனுக்கு அதன்மேல்தான் கண். கொம்பு நீளம் 50 வந்தது, அவன் கையின் தட்டைக்கு ஒரு மில்லி கூட மிச்சமில்லை. சட்டைப் பட்டிக்குள் போகவே இல்லை. இரண்டாவது தங்கமும் வெள்ளியும் கலந்த மெல்லிய வாட்ச், 7,500. கல்யாணத்துக்கு அருமை. ஆனால் 30 மீட்டர், மினரல் கண்ணாடி, முலாம். மூன்றாவது 38 மில்லிமீட்டர் குவார்ட்ஸ், கொம்பு நீளம் 46, கனம் 9, சஃபயர், 100 மீட்டர், 20 மில்லிமீட்டர் வார், வெளிர் சாம்பல் டயல், 9,600 ரூபாய்.

"மூணாவது கொஞ்சம் சாதாரணமா இருக்கே மாமா" என்றான். முதலாவதையும் மூன்றாவதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கண்ணாடி முன் நிற்கச் சொன்னேன், கைப்பட்டியைப் பூட்டியபடி. பத்து நிமிடம் கழித்து அவனே மூன்றாவதை எடுத்துக் கொடுத்தான்.

மிச்சம் 2,400. அதில் ஆம்பூர்த் தோலில் தைத்த பழுப்பு வார் 850, நைலான் வார் 350, வாரைக் கொம்போடு பிடித்திருக்கும் ஸ்ப்ரிங் பின்னைக் கழற்றும் சிறு கருவி 200. மீதி ஆயிரத்தை அடுத்த செல்லுக்கும் ரப்பர் வளையத்துக்கும் என்று தனியே வைக்கச் சொன்னேன். பட்ஜெட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வாட்சுக்கே போட்டுவிட்டால் இந்தச் சில்லறைக்குக் கை வராது, வாங்கிய செயினிலேயே வருடம் முழுக்க ஓடும்.

வார் மாற்றும்போதும் செல் மாற்றும்போதும்

மேஜைமேல் ஒரு துண்டை விரித்து, வாட்சைக் குப்புற வையுங்கள். கொம்புகளின் உள்பக்கத்தில் செலோ டேப் ஒட்டுங்கள், கருவி வழுக்கினால் கீறல் டேப்பில் விழும். கருவியின் கவட்டை நுனியை வாருக்கும் கொம்புக்கும் நடுவில் நுழைத்து, ஸ்ப்ரிங் பின்னின் விளிம்பைப் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் ஒரு பக்கம் விடுபடும். அப்போது மேலே ஒரு விரலை வைத்து மூடிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பின் பறந்துவிடும். புது வார் மாட்டியதும் 'டிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டபிறகும் வாரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். ஒரு முனை மட்டும் துளையில் உட்காராமல் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, பைக் ஓட்டும்போதுதான் தெரியும்.

வினாடி முள் நான்கு நான்கு வினாடியாகத் தாவ ஆரம்பித்தால், பல குவார்ட்ஸ் வாட்சுகளில் அது செல் தீரப்போகிறது என்ற அறிகுறி. நின்ற பிறகு மாதக்கணக்கில் அப்படியே விட்டால் செல் கசிந்து உள்ளே அரிக்கும். கடையில் திறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். "வளையத்தைப் பாருங்க அண்ணா, சிலிகான் கிரீஸ் தொட்டுப் போடுங்க, தளர்ந்திருந்தா மாத்திடுங்க" என்று கேட்பதில் தவறே இல்லை. மூடியதும் நல்ல வெளிச்சத்தில் மூடியின் ஓரத்தைச் சுற்றிலும் பாருங்கள். கறுப்பு ரப்பர் எங்காவது எட்டிப் பார்த்தால் அங்கேயே மறுபடி திறந்து மூடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு சொட்டுத் தண்ணீர் சோதனை.